'நோட்டட்' போடாத ஒருத்தர்

வாட்ஸ்அப்பில் யாராவது "நோட்டட்", அதாவது தெரிந்துகொண்டேன், என்று எழுதினால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். சாயங்காலம் வரும்போது தோசை மாவு வாங்கி வாருங்கள் என்று என் கணவருக்கு அனுப்பினால், என்னைச் சீண்டுவதற்காகவே அவரும் "நோட்டட்" என்று போடுவார். மாவு வராது. அவரிடமாவது சண்டை போடலாம். ஆபீசில் அதுவும் முடியாது, அங்கே அது மரியாதை.

நான் மலாக்காவில், ஆயர் குரோவில் ஒரு தனியார் மருத்துவமனையில் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு பக்கத்தில் செங் பகுதியில். வேலை பெரிதாக ஒன்றுமில்லை. ஏதாவது கெட்டுப்போனால் ஓடுவது, கெடாமல் இருந்தால் யார் கண்ணிலும் படாமல் இருப்பது. நான்கு மாடிக் கட்டடத்தின் கணினிகள், மேசைத் தொலைபேசிகள், பிரிண்டர்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் பெட்டிகள் பழசாகிவிட்டன. அவற்றை ஒரு வார இறுதியில் மாற்ற முடிவானது. சனிக்கிழமை பிற்பகல் இரண்டிலிருந்து ஆறு வரை கிளினிக் பகுதி. ஞாயிறு காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை வார்டுகளும் மருந்தகமும். அந்த நேரங்களில் நெட்வொர்க் அறவே இருக்காது. இதை எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவிப்பது என் பொறுப்பு.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். எது நின்றுபோகும், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, அதற்குப் பதிலாக என்ன செய்வது. நோயாளிப் பதிவேடு திறக்காது, ஆகவே ஞாயிறு காலை ஏழு மணிக்கே ஒவ்வொரு வார்டும் மருந்துப் பட்டியலை அச்சடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏழு மணிக்குப் பிறகு டாக்டர் எதையாவது மாற்றினால் அந்தத் தாளிலேயே கையால் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும். மருந்தகத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்து மருந்தைக் கையால் தேடி எடுக்க வேண்டும். மேசைத் தொலைபேசி வேலை செய்யாது, மாடிக்கு இரண்டு வாக்கி டாக்கி. மாலை ஆறு மணிக்குப் பிறகு, கையால் எழுதியதை எல்லாம் கணினியில் ஏற்ற வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், மலாயில் ஒரு பக்கம். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காக எழுதிய ஒரே கட்டுரை அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பிரிவின் தலைவர் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மேலதிகாரி என்பதால் அவரை நாங்கள் போஸ் என்றுதான் கூப்பிடுவோம். நம்மாள்தான், நல்ல மனிதர்தான். ஆனால் கெட்ட செய்தி என்றால் அவருக்கு ஆகாது.

"என்னாம்மா இது, 'வேலை செய்யாது', 'வேலை செய்யாது'ன்னு ஏழு இடத்துல போட்டிருக்க? ஆளுங்க பயந்துடுவாங்க லா. 'சற்றுத் தடங்கல் ஏற்படலாம்'னு போடு."

"போஸ், தடங்கல் இல்ல. சுத்தமா கட். சுவிட்ச கழட்டிக் கையில வச்சிருப்பாங்க, அப்புறம் எப்படி லா சற்றுத் தடங்கல்?"

"அதெல்லாம் உள்ள அட்டாச்மெண்டுல போட்டுக்க. மேல அழகா ஒரு போஸ்டர் போதும்."

அழகான போஸ்டர் வந்தது. நீல வானம், மருத்துவமனைச் சின்னம், சிரிக்கிற ஒரு பெண், "எங்கள் சேவையை மேம்படுத்துகிறோம்" என்று கொட்டை எழுத்து. கீழே, எறும்பு படிக்கும் அளவில், தேதி. நான் எழுதிய இரண்டு பக்கமும் இணைப்பாகப் போக வேண்டும் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை இன்சுலின் கொடுக்க வேண்டிய தாதிக்கு அந்தச் சிரிக்கிற பெண் என்ன செய்வாள்?

புதன்கிழமை காலை ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். அனுப்பிய அடுத்த நொடி "நோட்டட்". பிறகு "நோட்டட் வித் தேங்க்ஸ்". பிறகு கட்டைவிரல், கட்டைவிரல், கும்பிடு, "நோட்டட் போஸ்". நடுவில் யாருக்கோ பிறந்தநாள் என்று ஒரு கேக் படம் வந்தது. அதற்குக் கீழேயும் ஒருவர் "நோட்டட்" என்று எழுதியிருந்தார். நான் மேசையில் ஓர் அட்டவணை திறந்து வைத்திருந்தேன். பதில் போட்டவர் பெயருக்கு நேராகப் பச்சை, போடாதவர் பெயருக்கு நேராகச் சிவப்பு. போஸின் உத்தரவு அது. மனிதவளப் பிரிவுக்குக் கடைசியில் அந்த அட்டவணைதான் போகும். மதியத்துக்குள் பட்டியல் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது.

மருந்தகத்திலிருந்து மட்டும் ஒரு சிவப்பு. அங்கே சாமான் எடுத்து அடுக்கும் உதவியாளர், ரெம்பியா ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற ஓர் அக்கா. அறுபது வயதாகி ஓய்வு பெற்ற பிறகு, வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார். அந்த மாதக் கடைசியில்தான் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்பது மேலதிகாரிகள் அவரைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இது எனக்கும் தெரியும்.

மதியம் அக்காவே எங்கள் அறைக்கு வந்தார். கையில் போன்.

"தங்கச்சி, படம் மட்டுந்தான் இருக்கு. உள்ள தாள் இருக்குன்னு எழுதியிருக்க. தாள் எங்க?"

போனை வாங்கிப் பார்த்தேன். காது மடல் சூடாகிவிட்டது. நான் இணைப்பை அனுப்பவே மறந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் என் கணினியிலேயே உட்கார்ந்திருக்கின்றன. இல்லாத தாளைப் படித்துவிட்டுத்தான் மருத்துவமனை முழுவதும் "நோட்டட்" போட்டிருக்கிறது. தலைமைத் தாதி போட்டிருந்தார், கணக்குப் பிரிவு போட்டிருந்தது, இணைப்பைப் பார்த்தே ஒப்புதல் கொடுத்த என் போஸும் போட்டிருந்தார். விடுமுறையில் லங்காவிக்குப் போயிருந்த ஒருவர்கூடக் கடற்கரையிலிருந்து கட்டைவிரல் காட்டியிருந்தார்.

உடனே இணைப்பை அனுப்பினேன். மறுபடியும் மழை மாதிரி "நோட்டட்". தாள் இப்போதுதான் வந்தது என்று யாருக்குமே உறைக்கவில்லை. எனக்கு என் மேல் கோபம், அவர்கள் மேல் அதைவிடக் கோபம். போஸிடம் சொன்னபோது சிரித்தார். "விடு லா, இப்ப அனுப்பிட்டல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி இருக்கும். நாளைக்கு வேலை, சுவிட்ச் மாற்றுகிற குத்தகைக்காரர்கள் பெட்டிகளோடு வந்து இறங்கிவிட்டார்கள், ஒரு பெட்டியில் தவறான கம்பிகள். நான் இரண்டு காதிலும் இரண்டு போன் வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா மறுபடியும் வாசலில். இந்த முறை கையில் என்னுடைய இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்த தாள். மலாய்ப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"தங்கச்சி, ஒரே கேள்விதான். எங்க ஐஸ்பெட்டி சூடாச்சுன்னா போனுக்கு மெசேஜ் வருமே. ஞாயித்துக்கிழமை அது வருமா, வராதா? நீ இதுல எழுதல."

மருந்தகத்தில் இன்சுலின், தடுப்பூசி எல்லாம் வைக்கும் பெரிய குளிர்பெட்டியைச் சொல்கிறார். உள்ளே இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏழரையைத் தாண்டினால் மருந்தகத்தின் கைப்பேசிக்கு எச்சரிக்கை வரும். அந்தக் கருவியைப் பொருத்தியது கட்டடப் பராமரிப்புப் பிரிவு. எங்கள் பட்டியலில் அது இல்லை. பட்டியலில் இல்லாததால் என் தலையிலும் இல்லை.

அந்த இடத்தில் நான் சொன்னது இதுதான். மாற்றாமல் எழுதுகிறேன்.

"அதெல்லாம் மெயிண்டெனன்ஸ் பாத்துக்குவாங்க அக்கா. நீங்க சும்மா ஒரு 'நோட்டட்' போட்டுடுங்க. உங்க பேரு ஒண்ணுதான் சிவப்பா நிக்குது."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

"தெரியாம எப்படிம்மா தெரிஞ்சிக்கிட்டேன்னு போடுறது? எஸ்டேட்டுல காலப் பெரட்டுலகூட, கிராணி இன்னைக்கு எந்த நெரைன்னு சொன்னப்புறந்தான் நாங்க தலையாட்டுவோம்."

அவர் சின்ன வயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியற்காலையில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, ஆளுக்கொரு மர நிரை பிரித்துக் கொடுக்கிற அந்தப் பெரட்டைத்தான் சொன்னார். எனக்கு அதைக் கேட்க நேரமில்லை. போனில் இன்னொருவன் கம்பியின் நீளம் கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை வேலை நன்றாகவே முடிந்தது. ஞாயிறு நான் இரண்டாவது மாடியில் கம்பிகளுக்கு நடுவே குந்தியிருந்தேன். பன்னிரண்டரை மணிக்கு வாக்கி டாக்கியில் ஒரு தாதி சீறுவது கேட்டது. மருந்தகத்தில் இன்சுலின் கேட்டால் உடனே கொடுக்கவில்லையாம், அரை மணிக்கு ஒரு தடவைதான் குளிர்பெட்டியைத் திறப்போம் என்று அந்த அக்கா தடுக்கிறாராம். "யார் கொடுத்த அதிகாரம் அவங்களுக்கு?" என்றது அந்தக் குரல். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. இருக்கிற தலைவலி போதாதென்று இவர் வேறா என்று நினைத்தேன்.

மாலை ஆறு மணிக்கு நெட்வொர்க் திரும்பியது. ஒவ்வொரு பிரிவாகப் போய்ச் சரிபார்த்துக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தேன். கணினி திறந்தது, பிரிண்டர் ஓடியது. பட்டியலில் டிக் போட்டேன். அக்கா சுவரோரம் ஒரு நாற்காலியில், குளிர்பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவருடைய ஷிப்ட் ஐந்து மணிக்கே முடிந்திருக்க வேண்டும்.

"இன்னும் வீட்டுக்குப் போகலயா அக்கா?"

"மெசேஜ் வந்தா போவேன்."

என்ன மெசேஜ் என்று நான் கேட்பதற்குள் கவுண்டரில் இருந்த மருந்தகக் கைப்பேசி அதிர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எடுத்துப் பார்த்தேன். மருந்தகக் குளிர்பெட்டி, ஏழரை டிகிரியைத் தாண்டியது, பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டு இருபது. பன்னிரண்டு முப்பத்தைந்து. பன்னிரண்டு ஐம்பது. நண்பகலில் போயிருக்க வேண்டிய எச்சரிக்கைகள் எல்லாம் வழியில்லாமல் கருவிக்குள்ளேயே கிடந்து, வழி திறந்ததும் மாலை ஆறேகாலுக்கு வரிசையாக வந்து விழுந்தன. வெள்ளிக்கிழமை அக்கா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். வராது. வரவில்லை.

அக்கா எழுந்து என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். என்னுடைய அறிவிப்புதான். பின்பக்கம் முழுவதும் பென்சில். எட்டு மணி ஐந்து டிகிரி. ஒன்பது ஐந்தரை. பத்து ஆறு புள்ளி இரண்டு. பதினொன்று ஆறு புள்ளி எட்டு. அதன் பிறகு அரை மணிக்கு ஒரு முறை. பெட்டியின் கதவில் இருக்கிற எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்.

நடந்ததை அன்று பணியிலிருந்த மருந்தாளர்ப் பெண் சொன்னாள். சாதாரண நாளில் எந்த மருந்து எந்தத் தட்டில் என்று கணினி சொல்லும். கதவைத் திறந்தால் ஒரு நொடியில் எடுத்துவிட்டு மூடிவிடலாம். அன்று கணினி இல்லை. அச்சடித்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்தபடியே ஒவ்வொரு பெட்டியாகப் பேர் படித்துத் தேடியிருக்கிறார்கள். வார்டிலிருந்து ஆள் மாற்றி ஆள் வர, காலை முழுவதும் கதவு திறந்துகொண்டே இருந்திருக்கிறது. பெட்டியில் ஒலிக்கிற மணியும் உண்டு. கத்துகிறது என்று அதை எப்போதோ யாரோ அணைத்துவிட்டார்கள், போனுக்குத்தான் மெசேஜ் வருமே என்று. ஆகக் கணினி இல்லாததால் பெட்டி சூடானது, நெட்வொர்க் இல்லாததால் அந்தச் சூடு யாருக்கும் தெரியவில்லை. கையால் தேடுங்கள் என்று எழுதியது நான். அதனால் பெட்டி சூடாகும் என்று எழுதாததும் நான்.

எண் ஏழரையைத் தொட்டதும் அக்கா மருந்தாளரிடம் சொல்லி, அவள் சம்மதத்தோடு கதவின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அரை மணிக்கு ஒரு தடவை, எல்லா வார்டின் சீட்டையும் சேர்த்து, ஒரே திறப்பு. எட்டைத் தொட்டால் மருந்தை மாற்றிவிடலாம் என்று ஐஸ் பொதிகளோடு, கையில் தூக்கும் சின்னக் குளிர்ப்பெட்டகத்தையும் காலடியில் தயாராக வைத்திருந்தார். ஏழு புள்ளி எட்டு வரை போய், அதற்கு மேல் ஏறவில்லை. மூன்று மணிக்கு மறுபடியும் ஆறுக்குக் கீழே. ஒரு குப்பி மருந்துகூட வீணாகவில்லை, ஒரு நோயாளிக்கும் கெட்ட மருந்து போகவில்லை. ஆகவே எதுவுமே நடக்கவில்லை.

எதுவுமே நடக்கவில்லை என்பதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் போஸ் திரையில் காட்டினார், "சம்பவம் ஏதுமில்லை". கீழே, "ஒருவரைத் தவிர அனைத்து ஊழியர்களும் அறிவிப்பை உறுதி செய்தனர்". அதற்கும் கீழே, "மருந்தகத்தில் தாமதம், வார்டிலிருந்து புகார் ஒன்று". இரண்டு வரியிலும் இருந்தது ஒரே ஆள். மனிதவளப் பிரிவின் அதிகாரி பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். என் அட்டவணையில் நான் போட்ட சிவப்பு, அங்கே அந்தச் சுவரில், மேசை அளவுக்குப் பெரிதாக நின்றது.

அன்று காலையில்தான் ஒரு பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "நேத்து ஏன் போன் எல்லாம் செத்துப்போச்சு, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருந்தார். அவர் இரண்டு முறை "நோட்டட்" போட்டவர். அவர் பச்சை. அக்கா சிவப்பு.

எழுந்து நின்றேன். கூட்டத்தில் நான் எழுந்து பேசுகிற ஆள் இல்லை. கருவி தனக்குள் சேர்த்து வைத்திருந்த சூட்டு வரைபடத்தைக் காலையிலேயே அச்சடித்திருந்தேன். அதையும் அக்காவின் பென்சில் தாளையும் நிர்வாக இயக்குநரின் முன்னால் வைத்தேன். கோடு காலையிலிருந்து ஏறிக்கொண்டே போய், அக்கா நாற்காலி போட்ட நேரத்துக்குச் சற்றுப் பிறகு நின்று, இறங்கியது. குழந்தைக்குக்கூடப் புரியும்.

"அறிவிப்பை முழுசாப் படிச்ச ஒரே ஆள் இந்த மருந்தக அக்காதான்" என்றேன். "முதல் தடவை இணைப்பே இல்லாமத்தான் அனுப்பினேன். அதுக்கும் இங்க எல்லாரும் நோட்டட் போட்டாங்க. இணைப்பு இல்லைன்னு வந்து சொன்னது இவங்க. குளிர்பெட்டி எச்சரிக்கை வருமான்னு கேட்டதும் இவங்க. பதில் சொல்லாதது நான். சிவப்பு போடணும்னா என் பேருக்குப் போடுங்க."

போஸ் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்த இரண்டு வரிகளையும் நீக்கச் சொன்னார். அணைத்த மணியை அன்றே போடச் சொன்னார். போஸ் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன், அதுதான் என் அடுத்த தப்பு.

"நல்லது" என்றார். பிறகு, மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, "ஆனா வெள்ளிக்கிழமையே நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வேற ஏதாச்சும் ஏற்பாடு பண்ணியிருப்பேன். நேத்து பூராவும் சாப்பிடாம அந்தக் கதவப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணுக்குப் போகக்கூட ஆள் விட்டுட்டுப் போனேன். அது உனக்குத் தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

மாதக் கடைசியில் ஒப்பந்தக் கடிதம் வந்தது. இன்னும் ஒரு வருடம். நான் வேறு வேலையாக மனிதவளப் பிரிவுக்குப் போனபோது அக்கா அங்கே கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்த பெண் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"கடைசிப் பக்கத்துல ஒரு சைன் போட்டா போதும் அக்கா. எல்லாரும் உடனே போட்டுட்டுப் போயிடுறாங்க" என்றாள்.

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. என்னைக் கண்டதும் தாளை என் பக்கம் நகர்த்தி, மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"தங்கச்சி, இங்க 'வேறு பிரிவுக்கு மாற்றப்படலாம்'னு போட்டிருக்கே. போன வருசம் இது இல்ல. இது எதுக்கு?"

அதெல்லாம் இவர்கள் பார்த்துக்கொள்வார்கள் அக்கா என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"தெரியல அக்கா" என்றேன். "இருங்க, கேட்டுச் சொல்றேன். அது வரைக்கும் போடாதீங்க."

அந்தப் பெண்ணிடமிருந்து பேனாவை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, மேலதிகாரியின் கதவைத் தட்டப் போனேன்.